அம்மாவின் கிரியாட்டினின் 1.3, ஈ.ஜி.எஃப்.ஆர். 42: கிட்னி பாதி போய்விட்டதா?

கேள்வி: அம்மாவுக்கு வயது 78, எடை 45 கிலோ. பிரஷருக்குப் பல வருடமாக மாத்திரை எடுக்கிறார், சர்க்கரை கிடையாது. போன வாரம் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் கிரியாட்டினின் 1.3, ஈ.ஜி.எஃப்.ஆர். 42 என்று வந்திருக்கிறது. கீழே ஸ்டேஜ் 3பி என்று அச்சடித்திருக்கிறார்கள். போன வருடம் கிரியாட்டினின் 1.1தான் இருந்தது. மொத்தமே ஐந்து ஸ்டேஜ்தானாமே, அப்படியென்றால் பாதிக்கு மேல் போய்விட்டதா? டயாலிசிஸில் போய் நிற்குமா? முட்டிவலியைத் தவிர அவருக்கு ஒரு தொந்தரவும் இல்லை.

பதில்: 42 என்பது 3பி என்ற கட்டத்துக்குள் விழுவது உண்மை. ஆனால் அந்தப் பட்டத்தை உங்கள் அம்மாவுக்கு இன்றைக்கே கட்டிவிட முடியாது. அதற்கு இன்னும் இரண்டு விஷயம் தெரிய வேண்டும்: இதே அளவு மூன்று மாதம் கழித்தும் நிற்கிறதா, சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் போகிறதா. டயாலிசிஸைப் பொறுத்தவரை, அந்த இரண்டாவது கேள்விக்கு நல்ல பதில் வந்தால் 78 வயதில் அதற்கான வாய்ப்பு மிகக் குறைவு. எவ்வளவு குறைவு என்பதைக் கணக்காகவே கீழே சொல்கிறேன். நான் லேப் பக்கம் இருக்கிற டாக்டர். இருபது வருடத்துக்கு மேலாக இந்த மாதிரி ரிப்போர்ட்டுகளில் கையெழுத்துப் போடுகிறேன். எண் எப்படி வருகிறது, எங்கே ஏமாற்றும் என்பதெல்லாம் என் வேலை. எந்த மாத்திரையை நிறுத்துவது, எதைக் கூட்டுவது என்பது அம்மாவைக் கையால் தொட்டுப் பார்க்கிற டாக்டரின் வேலை.

முதலில் அந்த ஐந்து படிகள். ஈ.ஜி.எஃப்.ஆர். என்பது கிட்னி நிமிடத்துக்கு எத்தனை மில்லி வடிகட்டுகிறது என்பதன் மதிப்பீடு, அந்த எண்ணை வைத்துத்தான் படி. 90க்கு மேல் ஒன்று, 60 முதல் 89 வரை இரண்டு, 45 முதல் 59 வரை 3ஏ, 30 முதல் 44 வரை 3பி, 15 முதல் 29 வரை நான்கு, 15க்குக் கீழே ஐந்து. இவை பஸ் நிறுத்தங்கள் இல்லை, மூன்றில் ஏறியவர் ஐந்தில் இறங்கியே ஆகவேண்டும் என்பதற்கு. மூன்றாம் படியிலேயே பத்துப் பதினைந்து வருடம் இருந்து, வேறு ஏதோ காரணத்தால் காலமாகிறவர்கள்தான் வயதானவர்களில் பெரும்பாலோர். டயாலிசிஸ் பற்றிய பேச்சு பொதுவாக ஐந்தாம் படியில்தான் வருகிறது. அங்கேயும் எண்ணை மட்டும் பார்த்து ஆரம்பிப்பதில்லை. சாப்பாடு இறங்காமல் வாந்தி, அடங்காத நீர்க்கோவை, பொட்டாசியம் ஏறுவது போன்றவற்றைப் பார்த்துத்தான் ஆரம்பிக்கிறார்கள்.

இனி 1.3க்கு வருவோம். கிரியாட்டினின் கிட்னியில் உண்டாகிற பொருள் இல்லை. தசையில் உண்டாகிறது. நம் தசைகளில் சேர்ந்திருக்கும் கிரியாட்டின் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய ஒரே அளவில் சிதைந்து கிரியாட்டினினாக ரத்தத்தில் கலக்கும். கிட்னி அதை வடிகட்டி வெளியேற்றும். ஆகவே ரத்தத்தில் நாம் அளப்பது ஒரு மிச்சம். வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு என்ற இரண்டும் சேர்ந்துதான் அந்த மிச்சத்தைத் தீர்மானிக்கின்றன. நல்ல உடற்கட்டுள்ள இளைஞருக்கு வரவு அதிகம், அதனால் கிட்னி நன்றாக வேலை செய்தும் மிச்சம் 1.3 இருக்கலாம். 45 கிலோ எடையுள்ள ஒரு பாட்டிக்கு வரவே கொஞ்சம். அதிலும் மிச்சம் 1.3 நிற்கிறது என்றால், செலவு குறைந்திருக்கிறது என்று அர்த்தம். எத்தனையோ ரிப்போர்ட்டில் இந்த 1.3ஐப் பார்த்துவிட்டு ‘பார்டர்தானே’ என்று விட்டுவிடுவார்கள். அந்தத் தவறு நடக்கக்கூடாது என்பதற்காகத்தான் ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற கணக்கை லேப்கள் தாங்களே போட்டு அச்சடிக்க ஆரம்பித்தன.

அந்தக் கணக்கில் ரகசியம் ஒன்றும் இல்லை. 2021இல் வந்த சி.கே.டி-எபி சமன்பாடு, கிரியாட்டினின் 0.7க்கு மேல் உள்ள ஒரு பெண்ணுக்கு இப்படி இருக்கும்:

```
eGFR = 142 × (Scr / 0.7)^-1.2 × 0.9938^age × 1.012
```

அம்மாவின் எண்களைப் போட்டுப் பாருங்கள். 1.3ஐ 0.7ஆல் வகுத்தால் 1.857. அதன் அடுக்கு மைனஸ் 1.2 எடுத்தால் 0.476. 0.9938ஐ 78 முறை பெருக்கினால் 0.616. எல்லாவற்றையும் 142உடனும் 1.012உடனும் பெருக்கினால் 42. உங்கள் ரிப்போர்ட்டில் உள்ளது இதுதான். அம்மாவின் கிட்னியை யாரும் நேராக அளக்கவில்லை. கிரியாட்டினின், வயது, பெண் என்ற மூன்று தகவலை வைத்து, அந்த வயதுப் பெண்ணுக்குச் சராசரியாக எவ்வளவு தசை இருக்கும் என்று ஊகித்து ஒரு மதிப்பீடு போட்டிருக்கிறார்கள். இதே 1.3 ஒரு 30 வயது ஆணுக்கு வந்திருந்தால் விடை 76. இரண்டு பேருக்கும் ரத்தத்தில் ஒரே எண்தான், ஆனால் ஒருவர் இரண்டாம் படியில், இன்னொருவர் 3பியில்.

இந்தச் சமன்பாட்டில் கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயம் அதன் வளைவு. உங்கள் அம்மாவுக்கே 1.2 வந்திருந்தால் விடை 46, அதாவது 3ஏ. 1.3க்கு 42, அதாவது 3பி. இந்த 0.1 வித்தியாசத்தில்தான் ஸ்டேஜ் மாறிவிட்டது. லேப்பில் உட்கார்ந்திருக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், ஒரே ரத்தக்குழாயை நாங்கள் இரண்டு முறை ஓட்டினாலே சில சதவீதம் வித்தியாசம் வரும். ஒரே ஆளுக்கு இன்றைக்கும் அடுத்த வாரமும் ரத்தம் எடுத்தால் உடம்பின் இயல்பிலேயே இன்னும் சில சதவீதம் ஆடும். பழைய ஜாஃபே முறையில் அளக்கும் லேப்களும் உண்டு. 1886இல் வந்த முறை அது, பிக்ரிக் அமிலத்தோடு சேர்த்தால் ஆரஞ்சு நிறம் வரும், நிறத்தின் அடர்த்தியை வைத்து அளவு சொல்வார்கள். குளுக்கோஸும் கீட்டோனும் அதே நிறத்தைக் கொஞ்சம் உண்டாக்கி எண்ணை ஏற்றிக் காட்டும். என்ஸைம் முறையில் அந்தத் தொல்லை குறைவு. அதனால் போன வருடம் ஒரு லேப், இந்த வருடம் வேறொரு லேப் என்று இருந்தால், 1.1க்கும் 1.3க்கும் நடுவில் உள்ள இடைவெளியில் ஒரு பங்கு லேப்புடையதாகவே இருக்கலாம்.

அந்த இடைவெளியைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம், ஏனென்றால் உங்கள் கேள்வியிலேயே என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அதுதான். 77 வயதில் 1.1 என்றால் 52. இப்போது 42. ஒரே வருடத்தில் 10 புள்ளி இறக்கம். வருடத்துக்கு 5 புள்ளிக்கு மேல் தொடர்ந்து இறங்கினால் அதை வேகமான இறக்கம் என்கிறோம், ஆகவே இதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் ரிப்போர்ட்டில் ஒரு தசம இடம்தான் அச்சாகியிருக்கிறது. போன வருடத்து 1.1 உண்மையில் 1.14ஆகவும், இந்த வருடத்து 1.3 உண்மையில் 1.25ஆகவும் இருந்திருந்தால் 50இலிருந்து 44க்கு வந்திருக்கிறது, 6 புள்ளிதான். மாறாக 1.05, 1.34 என்று இருந்திருந்தால் 55இலிருந்து 41க்கு, 14 புள்ளி. எது நடந்தது என்று இந்த ரிப்போர்ட்டை வைத்து யாராலும் சொல்ல முடியாது. லேப்பைக் கேட்டால் இரண்டு தசம இடத்துடன் மதிப்பை எடுத்துத் தருவார்கள், மெஷின் அப்படித்தான் வெளியிடுகிறது. கேட்டு வாங்குங்கள்.

மதிப்பீடு என்ற வகையிலும் 42க்கு ஒரு தளர்வு உண்டு. கிட்னி வடிகட்டும் அளவை ஊசி போட்டு நேராக அளக்கும் முறைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தால், இந்தச் சமன்பாடு ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேருக்கு 30 சதவீதத் தவறுக்குள் விடை தருகிறது. 30 சதவீதம் என்பது சின்ன இடைவெளி இல்லை. உங்கள் அம்மாவின் உண்மையான அளவு 32க்கும் 60க்கும் நடுவில் எங்கேயும் இருக்கலாம் என்று அர்த்தம். அப்படியானால் இந்த எண்ணால் என்ன பயன் என்று கேட்பீர்கள். ஒரே ஆளை ஒரே லேப்பில் தொடர்ந்து பார்க்கும்போது அந்தத் தவறு பெரும்பாலும் ஒரே பக்கமாகவே இருக்கும். அதனால் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை இது ஓரளவு நம்பகமாகக் காட்டும். ஒற்றை ரிப்போர்ட்டை விட நான்கு ரிப்போர்ட்டை வரிசையாக வைத்தால் தெரிவது அதிகம்.

இப்போது முட்டிவலி. போகிற போக்கில் சொல்லிவிட்டீர்கள், ஆனால் எனக்கு முதலில் கேட்கத் தோன்றியது அதைத்தான்: வலிக்கு என்ன மாத்திரை போடுகிறார்? டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன், அசிக்ளோஃபினாக், நாப்ராக்ஸன் வகை என்றால் இந்த 1.3க்கு அதுவே காரணமாக இருக்கக்கூடும். கிட்னியின் ஒவ்வொரு வடிகட்டிக்கும் ரத்தம் உள்ளே வர ஒரு நுண்குழாய், வெளியே போக ஒரு நுண்குழாய். உள்ளே இருக்கும் அழுத்தத்தால்தான் வடிகட்டல் நடக்கிறது. இந்த வலி மாத்திரைகள் உள்ளே வரும் குழாயை இறுக்கும். பிரஷருக்குத் தரப்படும் மாத்திரைகளில் டெல்மிசார்ட்டன், லோசார்ட்டன், ராமிப்ரில் போன்றவை வெளியே போகும் குழாயைத் தளர்த்தும். இரண்டும் சேர்ந்தால் நடுவில் அழுத்தம் விழுந்துவிடும். கூடவே சிறுநீர் அதிகம் போகவைக்கும் மாத்திரையும் இருந்து, நான்கு நாள் வயிற்றுப்போக்கும் வந்துவிட்டால் கிரியாட்டினின் 1.1இலிருந்து 1.6, 2 என்று தாவுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். வலி மாத்திரையை நிறுத்தி, உடம்பில் நீர் சேர்ந்ததும் ஒன்றிரண்டு வாரத்தில் இறங்கியும் விடும். இதைக் கேட்டதும் பிரஷர் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். டெல்மிசார்ட்டன் வகையை ஆரம்பித்த முதல் சில வாரங்களில் கிரியாட்டினின் 30 சதவீதம் வரை ஏறினாலும் டாக்டர்கள் பொதுவாகத் தொடரவே சொல்வார்கள், நீண்ட நாளில் அது கிட்னியைக் காப்பாற்றும் மருந்து. வலி மாத்திரையின் அட்டையை மட்டும் கையோடு எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். ‘ஏதோ வலி மாத்திரை’ என்று வாயால் சொன்னால் யாருக்கும் ஒன்றும் புரியாது.

கிட்னிக்கு ஒன்றுமே ஆகாமல் எண் மட்டும் ஏறுவதும் உண்டு. பரிசோதனைக்குச் சில மணி நேரம் முன்பு சமைத்த இறைச்சி நிறைய சாப்பிட்டிருந்தால் ஏறும், ஏனென்றால் இறைச்சியில் உள்ள கிரியாட்டின் வேகும்போதே கிரியாட்டினினாக மாறிவிடுகிறது. சிறுநீர்த் தொற்றுக்குத் தரும் டிரைமெத்தோபிரிம் சேர்ந்த மாத்திரையும் கிரியாட்டினின் வெளியேறும் ஒரு வழியை அடைத்து எண்ணை ஏற்றிக் காட்டும். மருந்து முடிந்த பிறகு திரும்பப் பாருங்கள்.

மூன்று மாதம் என்று ஆரம்பத்தில் சொன்னேனே, அதன் காரணம் இதுதான். நாள்பட்ட சிறுநீரக நோய் என்ற பெயரிலேயே நாள் இருக்கிறது. மூன்று மாதத்துக்கு மேல் 60க்குக் கீழே இருந்தால்தான், அல்லது கிட்னி சேதத்துக்கான வேறு அடையாளம் அவ்வளவு நாள் நீடித்தால்தான் அந்தப் பெயர். உங்கள் அம்மாவின் போன வருட 52உம் 60க்குக் கீழேதான் என்பதால், நாள்பட்டது என்பது ஏறக்குறைய உறுதி என்றே நினைக்கிறேன். 3ஏயா 3பியா என்பது மட்டும்தான் உறுதியில்லை. ஒன்றிரண்டு வாரத்தில் ஒரு முறை திரும்பப் பாருங்கள், திடீர் ஏற்றம் எதுவும் நடக்கவில்லை என்று தெரிந்துகொள்ள. பிறகு மூன்று மாதம் கழித்து ஒரு முறை, அதே லேப்பில்.

அடுத்தது, இந்த ரிப்போர்ட்டில் இல்லாத அந்தப் பரிசோதனை. ஸ்டேஜ் என்பது உண்மையில் ஒற்றை எழுத்து இல்லை, இரட்டை. கே.டி.ஐ.ஜி.ஓ. என்ற சர்வதேச வழிகாட்டுதலின்படி வடிகட்டும் அளவுக்கு ஒரு படி, சிறுநீரில் போகும் ஆல்புமினுக்கு ஒரு படி. ஆல்புமினை அதே சிறுநீரில் உள்ள கிரியாட்டினினோடு வகுத்துப் பார்ப்பார்கள், யூரின் ஏ.சி.ஆர். என்று கேட்க வேண்டும். ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 30 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் ஏ1, 30 முதல் 300 வரை ஏ2, அதற்கு மேல் ஏ3. காலையில் எழுந்ததும் போகிற முதல் சிறுநீர் நல்லது. சிறுநீர்த் தொற்றோ காய்ச்சலோ இருக்கும் நாளில் எடுத்தால் பொய்யாக ஏறும். சாதாரண யூரின் டெஸ்டில் ‘ஆல்புமின் நில்’ என்று இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். அந்த டெஸ்டில் சிறுநீரில் நனைத்துப் பார்க்கும் குச்சிக்கு 100, 150 மில்லிகிராம் போவதெல்லாம் சில சமயம் கண்ணில் படாது, அதுவும் நீர்த்த சிறுநீர் என்றால்.

இந்த இரண்டாவது எழுத்து எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. கிட்னி செயலிழப்பு அபாயச் சமன்பாடு என்று ஒன்று 2011இல் வந்தது. வயது, ஆணா பெண்ணா, ஈ.ஜி.எஃப்.ஆர்., ஏ.சி.ஆர். என்ற நான்கை வைத்து, ஐந்து வருடத்துக்குள் டயாலிசிஸோ மாற்றுச் சிறுநீரகமோ தேவைப்படும் வாய்ப்பைச் சொல்லும். 78 வயதுப் பெண், 42 என்று வைத்து, ஏ.சி.ஆர். 18 என்றால் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்று. ஏ.சி.ஆர். 600 என்றால் நூற்றுக்கு நான்கு. கிரியாட்டினின் ஒரு துளிகூட மாறவில்லை, வாய்ப்பு நான்கு மடங்குக்கு மேல் ஆகிவிட்டது. 3 முதல் 5 சதவீதம் என்பது நெஃப்ராலஜிஸ்ட்டிடம் அனுப்பச் சொல்லும் எல்லை. அதனால் முதல் நிலையில் குடும்ப டாக்டரே போதும், இரண்டாவது நிலையில் கிட்னி டாக்டரைப் பார்க்க வேண்டும். டயாலிசிஸ் வரும்வரை போகுமா என்று கேட்டீர்கள். அந்தப் பதில் ரத்தத்தில் இருப்பதை விடச் சிறுநீரில்தான் அதிகம் இருக்கிறது. இந்த சதவீதங்கள் பெரிய கூட்டத்தைப் பார்த்துப் போட்டவை என்பதையும் மறக்கக்கூடாது. நூறில் ஒருவர் என்றால் அந்த ஒருவர் யார் என்று அது சொல்வதில்லை.

இது நோயே இல்லை, வயதுதான் என்று சொல்பவர்களும் உண்டு. டாக்டர்களுக்குள்ளேயே இதில் ஒத்த கருத்து கிடையாது. நாற்பதைத் தாண்டிய பிறகு நோயே இல்லாதவர்களுக்கும் வருடத்துக்கு ஏறக்குறைய ஒரு புள்ளி இறங்கும் என்பதில் சந்தேகம் இல்லை. அதனால் 65 வயதைத் தாண்டியவர்களுக்கு, சிறுநீர் சுத்தமாக இருந்தால், நோய் என்று சொல்லும் எல்லையை 60இலிருந்து 45க்கு இறக்க வேண்டும் என்று ஒரு தரப்பு வாதிடுகிறது. சர்வதேச வழிகாட்டுதல் இன்னும் 60இலேயே நிற்கிறது. என் சொந்தக் கருத்து முதல் தரப்பின் பக்கம் கொஞ்சம் சாயும். 58 என்று வந்த ஒரு 80 வயதுக்காரரை நோயாளி என்று அழைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் உங்கள் அம்மாவின் 42 இரண்டு கோட்டுக்கும் கீழே இருக்கிறது, அதிலும் ஒரு வருடத்தில் இறங்கியிருக்கிறது. வயது என்று மட்டும் சொல்லி இதை மூடிவைக்க மாட்டேன்.

இதுவரை கிரியாட்டினின் ஏறியிருப்பதைப் பற்றியே பேசினோம். வயதானவர்களிடம் அதைவிட ஆபத்தானது, ஏறாமல் இருப்பது. சில வருடங்களுக்கு முன் 81 வயதுப் பெரியவர் ஒருவரின் ரத்தம் எங்களிடம் வந்தது. இடுப்பு எலும்பு உடைந்து மாதக்கணக்கில் படுக்கையில் இருந்தவர். கிரியாட்டினின் 0.8, ஈ.ஜி.எஃப்.ஆர். 89. தாளில் பார்த்தால் இளைஞர். நரம்பு வலிக்கு அவருக்குக் கபாபென்டின் கொடுத்திருந்தார்கள், 89க்கு ஏற்ற முழு டோஸ். பகலெல்லாம் தூக்கம், கை வெட்டி வெட்டி இழுக்கிறது, பேச்சு குழறுகிறது, மூளைக்கு ஸ்கேன் எடுக்கலாமா என்று வார்டில் பேச்சு. அவரைப் பார்த்த டாக்டர் போனில் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: “தொடை என் மணிக்கட்டு மாதிரி இருக்கு சார், இவருக்கு இந்த 89ஐ நம்பலாமா?” சிஸ்டாட்டின் சி போட்டுப் பார்த்தோம். அது உடம்பின் எல்லா செல்களும் வெளியிடும் புரதம், தசையை நம்பி இருப்பதில்லை. 1.6 வந்தது. அதன் சமன்பாட்டில் விடை 38. இரண்டையும் சேர்த்துப் போடும் சமன்பாட்டில் 58. கபாபென்டினைக் கிட்னிதான் வெளியேற்ற வேண்டும், அது தேங்கிவிட்டிருந்தது. டோஸைக் குறைத்த சில நாளில் பெரியவர் பேரனின் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

தசை வற்றிப்போனால் வரவு மிகவும் குறைந்துவிடும், அதனால் செலவு குறைந்தாலும் மிச்சம் அவ்வளவாக ஏறாது. சமன்பாட்டுக்கு அது தெரியாது, 81 வயது ஆணின் சராசரித் தசையை அது நினைத்துக்கொள்கிறது. சிஸ்டாட்டின் சியும் குறையற்றது இல்லை. ஸ்டீராய்டு, தைராய்டு அதிகமாகச் சுரப்பது, உடல் பருமன், புகை, உடம்பில் அழற்சி எல்லாம் அதை ஏற்றிக் காட்டும். அந்தப் பெரியவருக்கு 38தான் சரியா, 58 சரியா என்று கேட்டால் எனக்கு இன்றும் உறுதியில்லை. 89 தவறு என்பதில் மட்டும் சந்தேகமே இல்லை.

உங்கள் அம்மாவுக்கு இது எப்படிப் பொருந்துகிறது? 45 கிலோ என்பது மெல்லிய உடம்பு. அவர் எப்போதுமே அப்படித்தானா, அல்லது இரண்டு மூன்று வருடத்தில் இளைத்துவிட்டாரா என்று யோசித்துப் பாருங்கள். வளையல் நழுவுகிறதா, தரையில் உட்கார்ந்தால் கையை ஊன்றாமல் எழுந்திருக்க முடிகிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும். இளைத்திருந்தால் உண்மையான அளவு 42ஐவிடக் குறைவாக இருக்கக்கூடும், அப்போது ஒரு முறை சிஸ்டாட்டின் சி எடுப்பதில் பொருள் இருக்கிறது. நடமாடி வேலை செய்துகொண்டு, எடை நிலையாக இருக்கிறவர் என்றால் அவ்வளவு அவசரம் இல்லை.

மெல்லிய உடம்பில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. ரிப்போர்ட்டில் 42க்குப் பக்கத்தில் 1.73 சதுர மீட்டர் என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும், பாருங்கள். உடல் பரப்பு அவ்வளவு உள்ள ஓர் ஆளாக மாற்றிச் சொன்ன எண் அது. அம்மா 150 செ.மீ. உயரம் என்று வைத்துக்கொண்டால் அவருடைய பரப்பு 1.37தான். அவர் உடம்பில் உண்மையில் நடக்கும் வடிகட்டல் நிமிடத்துக்கு சுமார் 33 மில்லி. ஸ்டேஜ் பார்க்க 42ஐத்தான் எடுக்க வேண்டும், அந்தப் படிகள் அப்படித்தான் வகுக்கப்பட்டிருக்கின்றன. மருந்தின் டோஸ் பார்க்கும்போது 33தான் உதவும். ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை, சில ஆன்டிபயாட்டிக், மேலே சொன்ன கபாபென்டின் போன்றவற்றில் இந்த வித்தியாசம் நிஜமாகவே டோஸை மாற்றும். புதிதாக யார் எந்த மருந்தை எழுதினாலும் “அம்மாவுக்கு ஈ.ஜி.எஃப்.ஆர். 42, எடை 45 கிலோ” என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். அந்த ஒரு வாக்கியம் பல பக்கவிளைவுகளைத் தடுக்கும்.

மூன்று மாதம் காத்திருக்கக் கூடாத சந்தர்ப்பங்களும் உண்டு. இரண்டு நாளுக்குள் கிரியாட்டினின் 0.3 ஏறினாலோ, ஒரு வாரத்தில் ஒன்றரை மடங்கானாலோ அது நாள்பட்ட கதை இல்லை, திடீர்ப் பாதிப்பு. அதை அன்றைக்கே பார்க்க வேண்டும். வாந்தி, பேதி, காய்ச்சலில் சாப்பிடாமல் கிடந்து சிறுநீர் குறைந்தாலும் அப்படித்தான். அந்த நாட்களில் பிரஷர், நீர் மாத்திரைகளைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டுமா என்று டாக்டருக்குப் போன் போட்டுக் கேளுங்கள். உடம்பு நன்றாக இருக்கும்போதே ஒரு முறை கேட்டு எழுதி வைத்துக்கொள்வது இன்னும் நல்லது.

நான் பார்க்காதவை நிறைய. அம்மாவின் பிரஷர் எவ்வளவு நிற்கிறது, ஸ்கேனில் கிட்னி சுருங்கியிருக்கிறதா, சிறுநீர் முழுதாக வெளியேறுகிறதா, பொட்டாசியம், ஹீமோகுளோபின் எவ்வளவு என்று எதுவும் எனக்குத் தெரியாது. ஏ.சி.ஆர். எண், இரண்டு வருடத்து கிரியாட்டினினும் இரண்டு தசம இடத்துடன், முட்டிவலி மாத்திரையின் பெயர் மூன்றும் கிடைத்தால் இதே இடத்தில் எழுதுங்கள். 3ஏயா 3பியா என்பதை அப்போது இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியும்.